பதினெட்டு கிலோ எங்கிருந்து வருகிறது?

காலைப் பெரட்டில் "இன்றைக்கு நோர்ம் பதினெட்டு" என்று கணக்கப்பிள்ளை சொல்கிறார். அந்தப் பதினெட்டு அவருடைய கணக்கு அல்ல. சின்னத்துரையைக் கேட்டால் பெரியதுரை என்பார், பெரியதுரையைக் கேட்டால் கம்பனி என்பார். கொழும்பில் இருக்கும் கம்பனி, ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு இலக்கு வைக்கிறது. அது தோட்டத்துக்கு, தோட்டத்திலிருந்து டிவிசனுக்கு, அங்கிருந்து கங்காணியின் கூட்டத்துக்கு என்று படிப்படியாகப் பிரிந்து, கடைசியில் ஒரு பெண்ணின் கூடையில் வந்து நிற்கிறது.

இப்படிப் பிரிப்பதை நான் தவறு என்று சொல்ல வரவில்லை. எந்த வேலையிலும் பெரிய இலக்கைச் சிறு இலக்குகளாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் நம் தோட்டங்களில் கீழே இறங்கி வருவது கிலோ மட்டும்தான். அந்தக் கிலோ கிடைக்க மேலே உள்ள ஒவ்வொருவரும் என்ன செய்ய வேண்டும் என்பது இறங்கி வருவதில்லை. என் முறைப்பாடு அதுதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடிய பெருக்கல், வகுத்தல்தான். ஒரு டிவிசனில் கொழுந்து எடுக்கும் மலைகள் 100 ஹெக்டேயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெக்டேயருக்கு வருடம் 1,500 கிலோ தேயிலைத்தூள் வேண்டும் என்பது கம்பனியின் இலக்கு. அப்படியானால் டிவிசனுக்கு 150,000 கிலோ. ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ 4.6 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஆகவே வருடத்துக்கு 690,000 கிலோ கொழுந்து. 300 வேலை நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 2,300 கிலோ. பதிவில் உள்ள கொழுந்து எடுப்பவர்கள் 128 பேர் என்றால் ஆளுக்கு 18 கிலோ. பெரட்டில் கேட்ட எண் வந்துவிட்டது.

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. பதிவில் இருக்கும் 128 பேரும் எந்த நாளும் மலைக்கு வருவதில்லை. 100 பேர் வந்தால் அதே 2,300 கிலோவுக்கு ஆளுக்கு 23 வேண்டும். அடுத்தது, தேயிலைச் செடிக்கு வருட சராசரி தெரியாது. மேற்குப் பக்கத் தோட்டங்களில் ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து பொங்கி வரும். பெப்ரவரி வெயிலில் அதே மலைகள் நாளுக்கு 1,300 கிலோதான் கொடுக்கின்றன என்றால், 100 பேருக்குப் பிரித்தால் 13 கிலோ. மலையில் இல்லாத கொழுந்தை எந்தக் கையாலும் எடுக்க முடியாது. அன்றைக்குப் 18 கேட்டு, குறைந்தவர்களுக்கு அரைப்பேர் போட்டால், அது வெயிலுக்கான தண்டனையைத் தொழிலாளியின் தலையில் போடுவது.

உரத்தின் கதையும் இதுதான். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டதை நாம் மறக்கவில்லை. அந்த ஆண்டு நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறத்தாழ 30 கோடி கிலோ. அடுத்த ஆண்டு 25 கோடிக்கு வந்துவிட்டது. கொழுந்து எடுத்தவர்கள் அதே பெண்கள், அதே கைகள். உரம் போடுவதும் புல் வெட்டுவதும் நேரத்துக்குக் கவ்வாத்துப் பண்ணுவதும் கொழுந்து எடுப்பவரின் கையில் இல்லை. அவை சின்னத்துரையின் இலக்கு, பெரியதுரையின் இலக்கு, அவற்றுக்குக் காசு ஒதுக்குவது கம்பனியின் இலக்கு. அந்த இலக்குகள் எட்டப்பட்டனவா என்று பெரட்டில் யாரும் வாசித்துச் சொல்வதில்லை.

இன்னொரு விஷயம். கம்பனிக்கு உண்மையில் வேண்டியது கிலோ அல்ல, வருமானம். கொழும்பு ஏலத்தில் என்ன விலை கிடைக்கிறது என்பது இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து வருகிறதா என்பதைப் பொறுத்தது. ஏழு நாளுக்கு ஒருமுறை சுற்ற வேண்டிய மலை, ஆள் குறைவால் பத்து, பன்னிரண்டு நாளுக்குப் போய்விடுகிறது. அப்போது கொழுந்து முற்றிவிடும். முற்றிய இலை நிறை கூடியது, நோர்ம் சுலபமாக வரும். அன்றைக்குக் கணக்கப்பிள்ளையின் இலக்கு நிறைவேறுகிறது, தொழிற்சாலையின் இலக்கு கெடுகிறது. பிறகு "கொழுந்து சரியில்லை" என்று ஏச்சு வாங்குவது கூடையைச் சுமந்தவர். கிலோவை மட்டும் கீழே இறக்கினால் இதுதான் நடக்கும்.

தராசையும் சொல்லாமல் விட முடியாது. தொழிற்சாலை உத்தியோகத்தருக்கும் ஒரு இலக்கு உண்டு: 100 கிலோ கொழுந்துக்கு 21, 22 கிலோ தூள் வர வேண்டும். மலையில் 1,080 கிலோ எடுத்து, தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று 80 கழித்து 1,000 என்று எழுதினால், வரும் தூள் 216 கிலோவாக இருந்தாலும் கணக்கில் 21.6 சதவீதம் என்று நிற்கும். உண்மையில் அது 20 சதவீதம்தான். ஈரம் இருந்தால் கழிக்கத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அளவுக்கு மேல் கழித்தால் நம் கிலோதான் அவருடைய இலக்கை நிரப்புகிறது. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மழை நாட்களின் சதவீதத்தையும் வெயில் நாட்களின் சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கழிவு சரியாக இருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். மழை நாளில் சதவீதம் கூடியிருந்தால், ஈரத்தைவிட அதிகமாகக் கழித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

கூட்டு ஒப்பந்தம் இருந்த காலத்தில் இதையெல்லாம் எடுத்துவைக்க ஒரு மேசையாவது இருந்தது. 2021இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாய் என்று தீர்மானித்தபோது கம்பனிகள் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. நாட்சம்பளம் வர்த்தமானியில் வருகிறது. அந்தச் சம்பளத்துக்கு எத்தனை கிலோ என்பதை இன்று பல இடங்களில் நிர்வாகமே தனியாகத் தீர்மானிக்கிறது. சம்பளம் கூடும்போதெல்லாம் நோர்மும் கூடினால், கூடியது எங்கே போனது என்று நாம் கேட்க வேண்டாமா?

ஆகவே தோட்டக் கமிட்டிகள் "நோர்மைக் குறையுங்கள்" என்று மட்டும் கேட்டு நிற்கக்கூடாது என்பது என் கருத்து. அப்படிக் கேட்டால் இரண்டு கிலோ குறைத்து, மூன்று மாதத்தில் திரும்பக் கூட்டிவிடுவார்கள். மாதம் மாதம், மலை மலையாக ஒரு தாள் கேட்க வேண்டும். 6ஆம் நம்பர் மலைக்கு மார்ச்சில் ஆளுக்கு 14 கிலோ என்றால், அதே தாளில் அந்த எண்ணுக்கு மேலே மற்ற இலக்குகளும் இருக்க வேண்டும்: எத்தனை நாளுக்கு ஒரு சுற்று என்று கங்காணியின் பெயருக்கு நேராக, புல் வெட்டும் திகதி கணக்கப்பிள்ளைக்கு நேராக, உரம் போடும் திகதி சின்னத்துரைக்கு நேராக, அதற்கான காசு ஒதுக்கப்பட்டதா என்பது பெரியதுரைக்கு நேராக. மேலே ஒன்று நடக்காத மாதத்தில் கீழே உள்ள கிலோ குறைய வேண்டும் என்றும் அதில் எழுதப்பட வேண்டும்.

"இதெல்லாம் அலுவலக விஷயம்" என்று துரைமார் சொல்வார்கள். நம் பெயருக்கு நேரே எழுதும் கிலோ அலுவலக விஷயம் இல்லையென்றால், அது எந்தக் கணக்கில் வந்தது என்பதும் அலுவலக விஷயமாக இருக்க முடியாது. அடுத்த மாதக் கலந்துரையாடலுக்குப் போகும் தலைவர்களும் தலைவிமாரும் முதலில் மூன்று எண்களை எழுதி வாங்குங்கள்: டிவிசனின் வருட இலக்கு, கடந்த மாதம் சராசரியாக எத்தனை பேர் மலைக்கு வந்தார்கள், கடைசியாக உரம் போட்ட திகதி. வகுத்தலை நாமே போட்டுக்கொள்ளலாம்.