கைக்கு ஓய்வு, நினைவுக்கு?

இலக்கியம் பேசும் இடத்தில் சமையலா என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். காலை எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டினால் இரவு ஏழரைக்கே திறக்கும் இருவருக்கு, ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட பொழுதுதான் வாசிப்புக்கும் பேச்சுக்கும் எஞ்சியிருப்பது. அப்பொழுதை அடுப்பு விழுங்கிவிடுகிறது என்பதனால்தான் மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மின்சார மல்டி குக்கரை வாங்கினோம். எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் வங்கிக் கிளையில் பணியாற்றுபவர். வாழ்வது கோவையில்.

'போட்டுவிட்டு மறந்துவிடலாம்' என்றுதான் இக்கருவியை விற்கிறார்கள். இச்சொல்லில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதை அறிந்துகொள்ள எங்களுக்கு ஒரு பானைச் சோறு செலவாயிற்று.

கொங்கு நாட்டில் அரிசியும் பருப்பும் சேர்ந்து வேகும் அரிசிபருப்புச் சாதம் அலுத்துவந்தவர்களின் இரவுணவு. வாங்கிய புதிதில், ஒரு சித்திரை மாதக் காலையில், அரிசி, துவரம்பருப்பு, வெங்காயம், தக்காளி, தண்ணீர் அனைத்தையும் உள்பாத்திரத்தில் இட்டு, மாலை ஆறரைக்குச் சமையல் தொடங்குமாறு நேரம் குறித்துவிட்டுப் பெருமிதத்தோடு புறப்பட்டோம். இரவு மூடியைத் திறந்தபோது எழுந்தது சோற்று மணமன்று, புளித்த வாடை. மூடியின் உட்புறம் நுரை படிந்திருந்தது. அடியில் மாவு தங்கிப் பிடித்திருந்தது.

காரணம் எளியது. பத்தரை மணி நேரம், வெயில் ஏறிய பூட்டிய வீட்டில், ஈர அரிசி நுண்ணுயிர்களுக்குப் படைத்த படையலாகக் கிடந்திருக்கிறது. 'அதுதான் பிறகு நன்றாக வெந்துவிட்டதே' என்று கேட்கலாம். அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிர், பெருகும்போது வெளியிடக்கூடிய நஞ்சுகளுள் ஒன்று கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. உயிரி மடிந்தாலும் நஞ்சு நிற்கும். ஆகவே அப்பானையை அப்படியே கொட்டினோம். பகல் முழுதும் தண்ணீரில் கிடக்கும் எதற்கும் நேரங்குறிக்கும் பொத்தானை நாங்கள் அதன்பின் தொட்டதில்லை. இடையில் மின்சாரம் போய்வந்தால் எங்கள் கருவி குறித்த நேரத்தை மறந்துவிடும் என்பது இரண்டாவது காரணம்.

இன்று எங்கள் முறை வேறு. ஞாயிறன்று ஒரு மணி நேரம் இருவரும் அடுக்களையில் நிற்கிறோம். ஒரு தம்ளர் பொன்னி பச்சரிசிக்குக் கால் தம்ளருக்குச் சற்றே கூடுதலாகத் துவரம்பருப்பு என்று அளந்து, உலர்ந்த நிலையிலேயே சிறு டப்பாக்களில் அடைத்துவைக்கிறோம். சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி ஆகியவற்றைக் கடுகு, சீரகம், வரமிளகாய் தாளித்த எண்ணெயில் வதக்கி, மஞ்சள்தூளும் சாம்பார்ப் பொடியும் உப்பும் சேர்த்து, ஒரு வேளைக்கு ஒரு கிண்ணமாக உறைபெட்டியில் வைக்கிறோம்.

மாலையில் முதலில் வீடு திரும்புபவர் ஒரு டப்பாவைக் கழுவிப் பாத்திரத்தில் இடுகிறார்; அதே தம்ளரால் மூன்றரைத் தம்ளர் தண்ணீர் ஊற்றுகிறார். உறைந்த வதக்கலை மேலே வைக்கிறார், கிளறுவதில்லை. கெட்டியான தக்காளி அடியில் படிந்தால் அங்கே சூடு மிகுந்து, கருவி எச்சரித்துச் சமையலை நிறுத்திவிடும். பின் நீராவித் திறப்பு மூடியிருக்கிறதா என்று பார்த்து, உயர் அழுத்தத்தில் பன்னிரண்டு நிமிடம் என்று அழுத்துகிறார். அழுத்தம் ஏறக் கால் மணி, வேகப் பன்னிரண்டு நிமிடம், தானே அடங்கக் கால் மணி. முக்கால் மணிக்குள் சோறு ஆயத்தம். கை பட்டது ஐந்து நிமிடம். கால் மணிக்கு மேலாகியும் மூடியிலுள்ள சிறு ஊசி மேலெழாமல் ஓரத்தில் ஆவி கசிந்தால், ரப்பர் வளையம் சரியாக அமரவில்லை என்று பொருள். நிறுத்தி, வளையத்தைப் பொருத்தி, கசிந்த அளவுக்குத் தண்ணீர் சேர்த்து மீண்டும் தொடங்க வேண்டும்.

பழைய குக்கர் விசிலை அப்படியே நிமிடமாக மாற்ற முயல்வோர் ஏமாறுவர். அடுப்புக் குக்கரினுள் வெப்பம் ஏறத்தாழ 120 பாகை; மின்சாரக் குக்கர்கள் பலவற்றில் அதைவிடச் சில பாகை குறைவு. எனவே பருப்பு சற்றுக் கூடுதல் நேரம் கேட்கும். ஆவி வெளியேறாததால் தண்ணீர் மட்டும் குறைவாகவே போதும்.

விசில் இல்லை என்பதைத்தான் நாங்கள் இக்கருவியின் உண்மையான கொடையாகக் கருதுகிறோம். அடுப்புக் குக்கர் கையை விடுவித்ததேயன்றிக் காதை விடுவிக்கவில்லை. 'எத்தனை விசில் வந்தது?' என்ற கேள்வி வீட்டில் யாரோ ஒருவரை, பெரும்பாலும் ஒரு பெண்ணை, எந்நேரமும் பாதிக் காதோடு வைத்திருந்தது. அவர் படித்த புத்தகங்களெல்லாம் விசில்களுக்கு நடுவே படித்தவை. இப்போது காதும் விடுதலை பெற்றுவிட்டது.

எஞ்சியிருப்பது நினைவு. ஓராண்டுக்கு முன், 'இனி நமக்குச் சமையல் வேலையே இல்லை' என்று எங்களில் ஆணாக இருப்பவர் ஒரு நண்பரிடம் பெருமை பேசினார். நண்பர் போனபின் மற்றவர் கேட்டார்: "ஏனுங்க, பருப்புத் தீர்ந்துபோச்சுன்னு உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?" விடை சொல்ல இயலவில்லை. டப்பா காலியாவது, வளையத்தைக் கழற்றிக் கழுவுவது, உறைபெட்டியில் எத்தனை கிண்ணம் மீதி என்பது அனைத்தும் ஒரு தலைக்குள்ளேயே இருந்தன. கருவி அவற்றுள் ஒன்றைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

1955இல் ஜப்பானில் தோஷிபா நிறுவனம் தானியங்கிச் சோறாக்கும் கலனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர் யோஷிதாதா மினாமி. மீண்டும் மீண்டும் சோறாக்கிச் சோதித்துப் பார்த்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. தானாக வேகும் முதற்சோறுகளுள் ஒன்றின் பின்னாலும் ஒரு பெண்ணின் ஓயாத கவனம் இருந்திருக்கிறது. கருவி தானியங்கி என்னும்போது, இயங்காமல் மறைந்து நிற்பவர் யார் என்றும் கேட்டாக வேண்டும் என்பதே எங்கள் கட்சி.

அன்றிரவு ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஒரு மாதம் ஒருவர் நினைவில் வைத்திருப்பது, மறுமாதம் மற்றவர். நினைவூட்டக் கூடாது என்பது நிபந்தனை. முதல் மாதத்தில் இருமுறை பருப்பில்லாமல் வெறும் தக்காளிச் சோறு உண்டோம். மற்றவர் எதுவும் சொல்லவில்லை. சோபாவில் சாய்ந்து நாவலொன்றைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை டப்பாவில் பருப்பு இருந்தது.