ஒன்றரை மணங்கு மனுக்கள்

1901-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில், கமிஷனர் ரிஸ்லி துரை ஜாதிகளை எண்ணியதோடு நில்லாமல், எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என வரிசைப்படுத்தவும் ஏற்பாடு செய்தார். ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த அந்தஸ்து, மாகாணம் முழுமைக்கும் ஒரே அட்டவணையாக அச்சேறிற்று. 1911-ல் அவ்வரிசை கைவிடப்பட்டது. ஆயினும் பயனென்ன? அவ்வருஷம் வங்காளத்தில் கணக்கதிகாரி ஓமாலி துரையிடம் குவிந்த மனுக்கள் ஒன்றரை மணங்கு எடை இருந்தனவாம்! அது வங்காள மணங்கு. ஏறக்குறைய 56 கிலோ. எங்கள் பெயரை மாற்றுக, எங்களை இன்னாருக்கு மேலே வைக்க என்பனவே அவற்றின் சாரம். கோடு கிழித்தது சர்க்கார். வேலி அடைத்தவர்கள் நாமே என்பதை மறைப்பதற்கில்லை. கைவர்த்தரில் உழுதுண்போர், கணக்கேட்டில் தங்களை மாஹிஷ்யர் என்றே பதிய வேண்டுமென விடாது போராடினர். அதற்கெனச் சங்கமும் கண்டனர். பெயர் கிடைத்தது. மீன் பிடித்துப் பிழைத்த கைவர்த்தரோ அவர்களுக்கு வேற்று ஜாதியாராயினர்.