ஆல்பா 0.85 என்றால் வினாப்பட்டியல் தேறிவிட்டதா?

உழவர் மனப்பான்மை குறித்த ஆய்வேடுகளில் 'முன்சோதனை' என்ற தலைப்பின்கீழ் பெரும்பாலும் ஒரே செய்திதான் காணப்படுகிறது: முப்பது பேரிடம் வினாப்பட்டியல் நிரப்பப்பட்டது, குரோன்பாக் ஆல்பா 0.85. இதை முன்சோதனை என்று ஏற்க இயலாது.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் பற்றி இப்படியொரு கூற்றை வைத்துக்கொள்வோம்: "பிரீமியம் குறைவு, இழப்பீடும் உரிய காலத்தில் கிடைக்கிறது." காரிஃப் பருவ நெல்லுக்கு உழவர் செலுத்த வேண்டியது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 2 விழுக்காடே. ஆகவே முதற்பாதியை அவர் ஒப்புவார். இழப்பீட்டுக்காக ஓராண்டு காத்திருந்தவராயின் பிற்பாதியை மறுப்பார். ஐந்து புள்ளி அளவுகோலில் அவருக்கு எஞ்சுவது நடுவிலுள்ள 3. அவருடைய சினத்தை நாம் 'நடுநிலை' என்று அட்டவணையிடுகிறோம்.

ஆல்பா இதைக் காட்டிக்கொடுக்காது. கூற்றுகள் யாவும் சாதகமாகவே அமைந்தால், சிலர் மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் தலையசைப்பர். அந்தத் தலையசைப்பே கூற்றுகளிடையே ஒத்திசைவாகி ஆல்பாவை உயர்த்தும்.

எண்ணைக் கணக்கிடுமுன், பத்து உழவரிடமேனும் அவர்கள் மொழியில் கூற்றைப் படித்துக்காட்டி, "இதிலிருந்து என்ன விளங்கிக்கொண்டீர்கள்? ஏன் 3 என்றீர்கள்?" என்று கேளுங்கள். பிறகு கூற்றை இரண்டாகப் பிரியுங்கள். "இழப்பீடு தாமதமாகவே வருகிறது" என்ற எதிர்க்கூற்றையும் சேர்த்து, அதன் மதிப்பெண்ணைத் தலைகீழாக்குங்கள். 'உரிய காலத்தில்', 'தாமதமாக' என்ற இரண்டுக்கும் ஒருவர் 5 தந்தால், அவர் கூற்றுக்கு விடையளிக்கவில்லை, நமக்கு மரியாதை செய்கிறார்.

உழவருக்குத் தெளிவான கருத்தில்லை என்று முடிவுரை எழுதுமுன், தெளிவின்மை யாருடையது என்று பார்ப்பது நம் கடமை.