உள்ஓரம் மட்டும் தேய்ந்த டயர் என்ன சொல்கிறது?

கேள்வி: "சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் பழைய சின்ன கார் ஒன்று பார்த்திருக்கிறோம். 2017 மாடல், பெட்ரோல் வண்டி. 62,000 கிலோமீட்டர் ஓடியதாக மீட்டர் காட்டுகிறது. விலை 2 லட்சத்து 60 ஆயிரம் சொல்கிறார்கள். முன்பக்க இடது டயர் மட்டும் உள்ஓரத்தில் மொழுமொழுவென்று தேய்ந்திருக்கிறது. 'அலைன்மென்ட் பார்த்தா சரியாயிடும்ணே, ஐந்நூறு ரூபா வேலை' என்கிறார் புரோக்கர். நம்பி வாங்கலாமா?"
- திண்டிவனம் பகுதி வாசகர் ஒருவர்

பதில்: புரோக்கர் சொல்வது சில தேய்மானங்களுக்குப் பொருந்தும். இந்தத் தேய்மானத்துக்குப் பொருந்துமா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். உள்ளங்கை, தீக்குச்சி, அளவு நாடா மூன்றும் போதும்.

பயிரில் மஞ்சள் அடித்திருந்தால் அடி இலையா, கொழுந்தா என்று முதலில் பார்ப்பது விவசாயிக்குப் பழக்கம். டயரிலும் அதே வேலைதான். தேய்ந்திருக்கிறது என்பதோடு நிற்காமல், எந்த இடத்தில், எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். டயரின் இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி மட்டும் உயர்ந்து நின்றால், காற்று குறைவாக வைத்தோ, அளவுக்கு மீறி பாரம் ஏற்றியோ ஓட்டியிருக்கிறார்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று கூடுதல். இவை பராமரிப்புக் குறைகள். டயர் செலவோடு போய்விடும். ஒரே ஒரு ஓரம் தேய்ந்திருந்தால்தான் சக்கரம் நிற்கும் கோணத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

அந்தக் கோணம் இரண்டு வகையில் கெடும். முதலாவது, மேலிருந்து பார்க்கும்போது முன்சக்கரங்கள் நேராக இல்லாமல் முன்புறம் உள்ளே குவிந்தோ, வெளியே விரிந்தோ நிற்பது. பட்டறையில் இதை 'டோ' என்பார்கள். இரண்டாவது, முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் செங்குத்தாக இல்லாமல், தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்பது. இது 'கேம்பர்'. சக்கரங்கள் வெளியே விரிந்து நின்றாலும் உள்ஓரம் தேயும். சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்து நின்றாலும் உள்ஓரம்தான் தேயும். ஆனால், செலவில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பெரும்பாலான சின்ன கார்களில் டோவை மட்டும்தான் திருகித் திருத்த முடியும். ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடு என்ற தண்டைக் கூட்டிக் குறைத்தால் வேலை முடிந்தது. கேம்பரைத் திருத்த இந்த வண்டிகளில் திருகாணியே கிடையாது. அது அளவு மாறி நிற்கிறது என்றால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது, தேய்ந்திருக்கிறது, அல்லது தொய்ந்திருக்கிறது என்று பொருள்.

இரண்டையும் பிரித்துச் சொல்வது உள்ளங்கைதான். எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பிவிட்டால் முன்டயரின் உள்ஓரம் வெளியே தெரியும். சக்கரம் நேராக நிற்கும்போது இந்த ஓரம் கண்ணில் படாது என்பதால், விற்கிறவர்கள் வண்டியை நேராக நிறுத்தித்தான் காட்டுவார்கள். முதலில் கண்ணால் பார்த்துவிட்டுப் பிறகு கை வைக்க வேண்டும். ரப்பர் முழுக்கத் தேய்ந்த டயரில் இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருந்து கையைக் கிழித்துவிடும். டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காக, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை, உள்ளிருந்து வெளியே ஒருமுறை தடவ வேண்டும். ஒரு திசையில் வழவழப்பாகப் போய், எதிர்த்திசையில் அரத்தைத் தடவுவதுபோல் கையைப் பிடித்தால், அது டோ கெட்டதன் அடையாளம். சக்கரம் உருளும்போதே பக்கவாட்டில் இழுபடுவதால் ரப்பர் கட்டைகளின் ஒரு விளிம்பு கூராகிவிடுகிறது. இரண்டு திசையிலும் வழவழப்பாக இருந்து, ஓரம் மட்டும் சரிவாக இறங்கினால் கேம்பரைச் சந்தேகிக்கலாம்.

வாசகரிடம் இதைச் செய்து பார்க்கச் சொல்லப்பட்டது. கூடவே தீக்குச்சி அளவும். டயரின் பள்ளத்தில் குச்சியை நிறுத்தி, மேல்மட்டத்தில் நகத்தால் அடையாளம் வைத்து, அடிக்கோலில் அளந்தால் ஆழம் தெரிந்துவிடும். புது கார் டயரில் இந்த ஆழம் ஏறக்குறைய 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் டயரை மாற்றியாக வேண்டும். அந்த மட்டத்தைக் காட்டப் பள்ளத்துக்குள்ளேயே சிறு ரப்பர் மேடுகள் வைத்திருப்பார்கள்.

அவர் திரும்ப எழுதியது இது. முன் இடது டயரில் வெளி ஓரம் 5 மில்லிமீட்டர், நடுவில் 4, உள்ஓரம் 2-க்கும் குறைவு. தடவிப் பார்த்தால் இரண்டு திசையிலும் வழவழப்பு. முன் வலது டயரில் எங்கே அளந்தாலும் 5-க்குப் பக்கம். டோ கெட்டிருந்தால் பெரும்பாலும் இரண்டு முன்டயரிலுமே கொஞ்சமாவது தெரிந்திருக்கும். ஒரே பக்கம், அதுவும் அர விளிம்பு இல்லாமல் தேய்ந்திருப்பது புரோக்கரின் ஐந்நூறு ரூபாய்க் கணக்குக்கு ஒத்துவரவில்லை.

ஆனால், இதை வைத்து மட்டும் 'அடிபட்ட வண்டி' என்று தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. அந்த டயர் எப்போதும் அதே இடத்தில்தான் இருந்ததா என்ற கேள்வி இருக்கிறது. தேய்மானத்தைச் சமப்படுத்த டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போடுவது வழக்கம். மறைப்பதற்காக மாற்றிப் போடுபவர்களும் உண்டு. அதனால் ஐந்து டயரின் தேதியையும் எழுதச் சொல்ல வேண்டியிருந்தது. ஐந்தாவது, ஸ்டெப்னி. அதைப் பார்க்காமல் வண்டி வாங்குவது, மூட்டையின் மேல்வாயை மட்டும் பார்த்து நெல் வாங்குவதற்குச் சமம்.

டயரின் பக்கச்சுவரில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3520 என்றால் 2020-ம் வருடத்தின் 35-வது வாரத்தில் செய்த டயர். சில டயர்களில் இது உள்பக்கச் சுவரில் மட்டும் இருக்கும். குனிந்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். இந்த வண்டியில் முன்டயர் இரண்டும், பின் வலது டயரும் 3520. பின் இடது டயர் மட்டும் வேறு கம்பெனி, 0822. ஸ்டெப்னியோ 3520, அதன் பக்கச்சுவரில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு வீக்கம்.

இதைக் கோத்துப் பார்த்தால் ஒரு கதை வருகிறது. 2020 கடைசியிலோ அதற்குப் பிறகோ நான்கு டயரையும் ஒரே செட்டாக மாற்றியிருக்கிறார்கள். 2022-ல், அல்லது அதற்குப் பின், அந்த செட்டில் ஒரு டயர் அடிவாங்கி, உள்நூல் அறுந்து வீங்கியிருக்கிறது. அதை ஸ்டெப்னி இடத்துக்குத் தள்ளிவிட்டு, பின் இடது சக்கரத்துக்கு ஒரே ஒரு புது டயர் வாங்கியிருக்கிறார்கள். பக்கச்சுவர் வீக்கம் தேய்மானத்தால் வருவதில்லை. பெரும்பாலும் பள்ளத்திலோ, சென்டர் மீடியன் கல்லிலோ வேகமாக மோதும்போது வருவது. முன் இடது சக்கரம் சாய்ந்திருப்பதும், பின் இடது டயர் மாறியிருப்பதும் ஒரே பக்கம். இடதுபக்கம் முழுவதும் ஒரே நாளில் எதிலோ ஏறி இறங்கியிருக்கலாம். இது ஊகம்தான். வெறும் பள்ளத்தில் டயர் கெட்டிருக்கவும், சாய்வுக்குத் தனிக் காரணம் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

அந்தத் தனிக் காரணங்களில் முக்கியமானவை இரண்டு. ஒரு பக்கத்து ஸ்ப்ரிங் தொய்ந்துபோனாலும் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே மட்கார்டு வளைவு வரை இரு பக்கமும் அளந்தால் அது தெரிந்துவிடும். வாசகரின் அளவில் இரு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. அடுத்தது பால் ஜாயின்ட், பேரிங் தேய்மானம். மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்த்தார், ஆட்டம் இல்லை.

மிச்சம் இருந்தது அளவு நாடா. ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். மூன்று, நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம் நாடா பிடித்த கையின் பிழையாக இருக்கலாம். இங்கே இடதுபக்கம் 14 மில்லிமீட்டர் குறைவு. மூன்று தடவை அளந்தும் மாறவில்லை. அதாவது, முன் இடது சக்கரம் சாய்ந்திருப்பதோடு, பின்னாலும் தள்ளப்பட்டிருக்கிறது. ஸ்ப்ரிங் தொய்வால் இது நடக்காது.

இதற்குப் பிறகுதான் அலைன்மென்ட் பட்டறைக்குப் போனார்கள். சரிசெய்ய அல்ல, அளக்க. கம்ப்யூட்டர் சீட்டில் முன் வலது கேம்பர் மைனஸ் அரை டிகிரிக்கும் கீழே. முன் இடது மைனஸ் 2 டிகிரியைத் தாண்டியிருந்தது. வலதுக்கும் இடதுக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தாலே நல்ல மெக்கானிக் நிமிர்ந்து உட்காருவார். இப்படிப்பட்ட வண்டியில் டோவை மட்டும் திருத்தி அனுப்பினால் ஸ்டீயரிங் நேராகிவிடும், வாங்குபவருக்கும் மனசு ஆறும். அடுத்த டயரும் அதே உள்ஓரத்தில் தேய்ந்துகொண்டே போகும்.

வளைந்தது எது என்பதை டயர் சொல்லாது. சக்கரத்தைக் கீழே தாங்கும் லோயர் ஆர்ம் வளைந்திருக்கலாம். ஷாக் அப்சார்பரோடு சேர்ந்த ஸ்ட்ரட் வளைந்திருக்கலாம். இவற்றைப் புதிதாக மாட்டிக்கொள்ளலாம். இவை இரண்டும் தாங்கி நிற்கும் பாடிப் பகுதியே ஒதுங்கியிருந்தால்தான் வினை. பானெட்டைத் திறந்து, இரண்டு ஸ்ட்ரட் மேல்முனைகளைச் சுற்றியுள்ள பெயின்ட், வெல்டிங் புள்ளிகள், சீலன்ட் பூச்சு ஆகியவற்றை இடதும் வலதுமாக ஒப்பிட்டுப் பார்த்தார் மெக்கானிக். வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் ஆர்மையும் ஸ்ட்ரட்டையும் மாற்றி, மறுபடி அளந்தால்தான் உறுதி என்றார்.

அந்தச் செலவையும் அதிலுள்ள நிச்சயமின்மையையும் வாங்குபவர் தலையில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை. விலையில் பத்தாயிரம், இருபதாயிரம் குறைக்கிறேன் என்றாலும், பாடி ஒதுங்கியிருந்தால் அந்தத் தள்ளுபடி காணாது. வண்டிக்காரரே இரண்டு பாகங்களையும் மாற்றி, புதுச் சீட்டில் இரு பக்கக் கேம்பரும் ஒத்துவந்திருப்பதைக் காட்டினால் மேற்கொண்டு பேசலாம். வீங்கிய ஸ்டெப்னிக்கும், தேய்ந்த முன்டயருக்கும் விலையில் கழித்துக்கொள்ள வேண்டும். அந்த ஸ்டெப்னியை அவசரத்துக்குக்கூட மாட்டக் கூடாது. பாரத்தோடு ஓடும்போது வெடிக்கும். வாசகர் இதை அப்படியே சொன்னதும், "டயரைப் பாத்தே இவ்வளவு சொல்றீங்களேண்ணே" என்ற புரோக்கர், வண்டிக்காரரிடம் கேட்டுச் சொல்லப் பத்து நாள் தவணை வாங்கியிருக்கிறாராம். அதுவரை முன்பணம் கொடுக்கவில்லை.