கலத்தின் கழுத்தில் ஒட்டிய எண்

நம் வேதியியல் ஆய்வகங்களில் கடத்துத்திறன் கலங்களின் கழுத்தில் ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கும். அதில் "கலமாறிலி 1.0" என்று அச்சிட்டிருப்பார்கள். மாணவர் அதைப் பார்த்துச் செய்முறை ஏட்டில் எழுதிக்கொள்வார், கணக்கு நடக்கும், விடை வரும். இந்தப் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து. அந்த எண் கலம் புதிதாய் வந்த நாளுக்கு உரியது. இன்று அதன் மதிப்பு என்ன என்பதைப் பொட்டாசியம் குளோரைடு கரைசல்தான் சொல்ல வேண்டும்.

இரு பிளாட்டினத் தகடுகளின் இடைவெளியை அவற்றின் பரப்பால் வகுத்தால் கலமாறிலி கிடைக்கும் என்று பாடநூல் கூறுகிறது. அப்படியானால் அளவுகோல் கொண்டு அளந்துவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அது இயலாது. மின்னோட்டம் தகடுகளுக்கு நடுவே மட்டும் நேராகச் செல்வதில்லை. ஓரங்களில் வெளியே வளைந்தும் பாய்கிறது. தகட்டின் மேலுள்ள கரும்பிளாட்டினப் பூச்சு நாளடைவில் உதிர்கிறது. கழுவும்போது கை பட்டுத் தகடு இம்மி அளவு சாய்ந்தாலும் மாறிலி மாறிவிடும். ஆகவே நியமக் கடத்துத்திறன் ஏற்கெனவே துல்லியமாக அறியப்பட்ட ஒரு கரைசலைக் கலத்தில் ஊற்றி, அதன் வாயிலாக மாறிலியைக் காண்கிறோம். இதற்கான பொட்டாசியம் குளோரைடு அளவுகளை ஜோன்ஸ், பிராட்ஷா என்ற இருவர் 1933-இல் பாதரசத்தை அடிப்படையாகக் கொண்டு மிக நுட்பமாக நிலைநாட்டினார்கள்.

செய்முறை எளியது. நன்கு உலர்த்திய பொட்டாசியம் குளோரைடு 0.7456 கிராம் எடுத்து, நல்ல வாலைவடிநீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால் 0.01 நார்மல் கரைசல் கிடைக்கும். 25 டிகிரி சென்டிகிரேடில் அதன் நியமக் கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 1.413 மில்லிசீமென்ஸ். கலத்தை இக்கரைசலால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பிறகு நிரப்ப வேண்டும். தகடுகளில் காற்றுக்குமிழி ஒட்டக்கூடாது. கருவி 1.36 மில்லிசீமென்ஸ் காட்டுகிறது என்று கொள்வோம். 1.413-ஐ 1.36-ஆல் வகுத்தால் 1.04 வருகிறது. இதுவே இன்றைய கலமாறிலி.

இங்கே பலரும் கவனியாத ஒன்று வெப்பநிலை. ஒரு டிகிரி ஏறினால் இக்கரைசலின் கடத்துத்திறன் ஏறத்தாழ 2 விழுக்காடு கூடும். நம் ஊர் ஆய்வகத்தில் பிற்பகலில் 30 டிகிரி என்பது வியப்பில்லை. அப்போது நியமக் கடத்துத்திறன் 1.552, அதே கலம் 1.49 காட்டும். வெப்பமானியைப் பாராமல் 25 டிகிரிக்கு உரிய 1.413-ஐ எழுதி வகுத்தால் மாறிலி 0.95 ஆகிவிடும். பிழை 9 விழுக்காடு! கலத்தில் குற்றமில்லை, கருவியிலும் குற்றமில்லை.

"இதனால் என்ன குடி முழுகிவிடும்?" என்று நண்பர்கள் கேட்கலாம். கடத்துத்திறன் முறையில் அமிலத்தைக் காரத்தால் தரம் பார்க்கும்போது ஒன்றும் முழுகாது. அங்கே இரு கோடுகள் வெட்டும் இடம்தான் தேவை. மாறிலி எதுவாயினும் அந்த இடம் நகராது. நமது அசட்டைக்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் அசெட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலியைக் காணும் சோதனையில் கதை வேறு. அங்கே பிரிகை வீதம் இருமடியாகிறது. கலமாறிலியில் 9 விழுக்காடு குறைந்தால் விடையில் ஏறத்தாழ 17 விழுக்காடு குறையும். தாளில் உள்ள 1.0-ஐ நம்பினாலும் 8 விழுக்காடு குறையும்.

கண்ட மாறிலி சரிதானா என்று அறியவும் வழியுண்டு. அதே 25 டிகிரியில் 0.1 நார்மல் கரைசலைக் கொண்டு மீண்டும் காண வேண்டும். அதன் நியமக் கடத்துத்திறன் 12.88. நம் கலம் நல்ல நிலையில் இருந்தால் 12.4-ஐ ஒட்டிக் காட்டும். மாறிலி மீண்டும் 1.04 ஆகும். மாறாக 11.90 காட்டி மாறிலி 1.08 என்று வந்தால், பெரும்பாலும் தகட்டின் கரும்பூச்சு கெட்டு முனைவாக்கம் குறுக்கிடுகிறது என்று பொருள். அடர்ந்த கரைசலில்தான் அக்கோளாறு பெரிதாகத் தெரியும். அந்தக் கலத்துக்கு மறுபூச்சு தேவை. அடர்ந்த கரைசலை அளந்தபின் கலத்தைச் சரியாக அலசாமல் நீர்த்த கரைசலை ஊற்றினாலும் இரு விடைகளும் ஒவ்வா. ஆகவே நீர்த்ததை முதலில் அளப்பதே நலம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. செய்முறைத் தேர்வில் விடை நூல் மதிப்புக்கு எவ்வளவு அருகில் வந்தது என்று மட்டும் பாராமல், வெப்பநிலையும் இரு கரைசல்களில் கண்ட கலமாறிலியும் ஏட்டில் உள்ளனவா என்று பாருங்கள். அவற்றுக்கும் மதிப்பெண் கொடுங்கள். கூடுதலாகச் செலவாவது கால் மணி நேரமும் சில கிராம் உப்பும்தான். பிறகு எவரும் கலத்தின் கழுத்தைப் பார்த்து எண்ணை எழுதமாட்டார்கள்.