மீதி அசல் எவ்வளவு என்று கேட்கும் உரிமை

குழுக் கடன் வாங்கிய பெண்ணின் கைபேசிக்கு, தவணை கட்டிய அன்று ஒரு குறுஞ்செய்தி வரும். கம்பெனிக்குக் கம்பெனி வார்த்தை மாறினாலும் பாணி ஏறக்குறைய இதுதான்:

```
Rs.2115 recd on 12/05. Bal 25380.
POS 22365. OD 0. Next EMI 12/06.
```

இதில் இரண்டு பெரிய தொகைகள் இருக்கின்றன. இன்றைக்கே கடனை முடித்துவிட நினைக்கும் ஒருவர் எந்தத் தொகையைக் கொண்டுபோக வேண்டும்? செய்தியில் அதற்குப் பதில் இல்லை. பதில் தெரியாமல் போனால் இழப்பு 3,015 ரூபாய்.

கணக்கை விரித்துப் பார்ப்போம். கடன் 40,000 ரூபாய், ஆண்டு வட்டி 24 சதவீதம், 24 மாதத் தவணை. மாதத் தவணை 2,115 ரூபாய் வரும். நம் ஊர்ப் பேச்சில் இது 'ரெண்டு வட்டி': நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். ஆனால் அந்த இரண்டு ரூபாய் முதலில் வாங்கிய 40,000க்கு அல்ல, அந்தந்த மாதம் மீதி நிற்கும் அசலுக்கு மட்டும். முதல் மாதம் 800 ரூபாய் வட்டிக்குப் போகும், அசலில் 1,315 மட்டும் கழியும். பன்னிரண்டாவது தவணைக்கு முன்பு மீதி அசல் சுமார் 24,000. அதற்கு வட்டி 480. எனவே அந்தத் தவணையில் 1,635 அசலுக்குப் போய், மீதி அசல் 22,365 ஆகிறது. பைசாவை ரூபாயாக்கியதில் ஒன்றிரண்டு ரூபாய் முன்பின் இருக்கலாம்.

செய்தியில் POS என்று இருப்பது இந்த மீதி அசல். Bal என்று இருக்கும் 25,380, மீதமுள்ள பன்னிரண்டு தவணைகளைப் பெருக்கி வந்த தொகை. அதற்குள் இனி வரப்போகும் ஓராண்டின் வட்டியும் சேர்ந்திருக்கிறது. கடனை இன்றே முடிப்பவர் அந்த ஓராண்டுக்குப் பணத்தை வைத்திருக்கப் போவதில்லை. பிறகு எதற்கு அந்த வட்டி? குறுங்கடன்களை முன்கூட்டியே முடிப்பதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் நெறிமுறை சொல்கிறது. அபராதம் என்ற பெயரே இல்லாமல், 'மீதி' என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே அதை வாங்கிவிட முடிகிறது என்பதுதான் சிக்கல்.

என் களப்பணியில் சந்தித்த ஓர் அக்கா, ஆடு விற்ற பணத்தில் கடனை முடிக்கப் போனார். வசூலுக்கு வரும் தம்பி தவணையைப் பெருக்கித்தான் தொகை சொன்னார். "மெசேஜ்லயும் அதானே போட்டிருக்கு" என்று அக்காவும் ஒப்புக்கொண்டார். அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. செய்தியில் இருப்பதைத்தான் படித்தார். பொய் சொல்லாமலே ஒருவரை ஏமாற்றும் செய்தியாக அது எழுதப்பட்டிருக்கிறது.

சரி, தமிழில் அனுப்பினால் தீர்ந்துவிடுமா? மொழிபெயர்ப்பைப் பொறுத்தது. வங்கித் தமிழில் இந்தத் தொகைக்கு 'நிலுவை' என்று பெயர். நம் தெருவில் நிலுவை என்றால் கட்டத் தவறியது, பாக்கி விழுந்தது. ஒரு தவணைகூடத் தவறாத பெண்ணுக்கு 'நிலுவை ரூ.22365' என்று செய்தி போனால் அவர் பயந்துபோவார். குழுவில் மற்றவர்கள் பார்த்தால் மானம் போகும். அதனால் இரண்டு சொற்களைப் பிரித்தே ஆள வேண்டும். இனி கழிய வேண்டிய கடனுக்கு 'மீதி அசல்'. தவறிய தவணைக்கு மட்டும் 'பாக்கி'. இப்படி எழுதலாம்:

```
12ம் தவணை ரூ.2115 பெற்றோம்.
வட்டிக்கு ரூ.480, அசலுக்கு ரூ.1635.
மீதி அசல் ரூ.22365.
பாக்கி இல்லை.
அடுத்த தவணை 12.06, ரூ.2115.
இன்றே கடனை முடிக்க ரூ.22365 போதும்.
```

கடைசி வரிதான் உயிர்நாடி. தவணை கட்டிய நாளில் மீதி அசலும் முடிக்கும் தொகையும் ஒன்றே. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் சுமார் 15 ரூபாய் வட்டி கூடும், அவ்வளவுதான். பாக்கி விழுந்திருந்தால் அந்தத் தொகையும், அதற்கான அபராதமும் தனி வரியில் வர வேண்டும். அபராதத்தைப் பாக்கித் தொகையின் மீது மட்டுமே போடலாம், முழுக் கடனின் மீது போடக் கூடாது என்பதும் அதே நெறிமுறையில் இருக்கிறது. தனி வரியில் வந்தால்தான் எதன் மீது போட்டார்கள் என்று தெரியும்.

தமிழில் அனுப்பினால் செலவு கூடும் என்பது உண்மை. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்து கொள்ளும். தமிழில் 70தான், நீளமான செய்தியென்றால் துண்டுக்கு 67. புள்ளியும் துணைக்காலும் கொம்பும்கூடத் தனித்தனியாக எண்ணப்படும். மேலே உள்ள செய்தி சுமார் 160 குறிகள், அதாவது மூன்று துண்டு. கம்பெனியின் பெயரும் புகார் எண்ணும் அதற்குள்ளேயே அடங்கும். 24 மாதத்துக்கு 72 துண்டுகள். ஒரு துண்டுக்கு முழு ஒரு ரூபாய் என்று தாராளமாகவே வைத்தாலும் 72 ரூபாய். இதே கடனில் கம்பெனிக்கு வரும் வட்டி சுமார் 10,760 ரூபாய். செலவைக் காரணம் காட்டுவோர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பேசட்டும்.

இது வெறும் மொழிப் பிரச்சினை இல்லை. குழுக் கடனுக்கு அடமானம் கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் பிணை. ஊரும் சேரியும் பிரிந்துகிடக்கும் இடத்தில், ஒரே தெருவில் ஒரே சாதியாரை நெருக்கி வைத்த அதே ஒதுக்கல்தான் கம்பெனிக்கு வலுவான பிணையாகிறது. பண்ணையில் வேலை பார்த்த நம் பாட்டன்மாருக்குக் கடன் இருந்தது, கணக்கு நோட்டு கணக்குப்பிள்ளையிடம் இருந்தது. இன்றைக்கு நோட்டு கணினிக்குள் இருக்கிறது. கணக்கு யார் கையில் என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

நல்ல செய்தியாலும் முடியாதவை உண்டு. ஒருத்தியால் முழுத் தவணை கட்ட முடியாதபோது மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டுகிறார்கள். அவளுக்கு 'ரூ.2115 பெற்றோம்' என்றே செய்தி வரும். யார் போட்ட பணம், யாருக்கு யார் கடன் என்பது அதில் வராது. குழு தானே எழுதிவைத்தால்தான் உண்டு. பதிவான எண் பல வீடுகளில் கணவருடையது அல்லது மகனுடையது. எனவே கடன் அட்டை அவசியம். ஒவ்வொரு தவணையையும் அதில் வரவு வைக்க வேண்டும், பதிவுகள் கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று நெறிமுறையே சொல்கிறது. அட்டைக்கு இருக்கும் அந்த விதி குறுஞ்செய்திக்கும் வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அதுவரை படித்த பிள்ளைகள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அம்மாவின் கடன் அட்டையை எடுங்கள். போன மாத மீதி அசலை, மாத வட்டியால் பெருக்கி நூறால் வகுங்கள். இந்த மாத வட்டி அதற்கு ஒத்து வர வேண்டும். நாள் கணக்கில் வட்டி போட்டால் 31 நாள் மாதத்தில் சில ரூபாய் கூடும். நூற்றுக்கணக்கில் கூடினால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். முடிக்கும் தொகையையும் வாய்மொழியாக வாங்காதீர்கள். கம்பெனியிடமிருந்து 30 நாளில் பதில் வரவில்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். புகாரில் அந்தக் குறுஞ்செய்தியையும் சேர்த்து அனுப்புங்கள்.