பதினோராவது டீ



நம் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி போன மாதம் ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினார். "சார், கடையில முத்திரை அட்டை போடப்போறேன். சுவத்துல ஒட்டணும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லயும் வைக்கணும். கொஞ்சம் பார்த்துத் திருத்திக் குடுங்க" என்றார்.

அதில் பதினான்கு வரிகள் இருந்தன. கடை தொடங்கிய வருஷம், வாடிக்கையாளர்களுக்கு நன்றி, நான்கு நிபந்தனைகள், நிர்வாகத்தின் முடிவே இறுதியானது என்ற எச்சரிக்கை என எல்லாமே இருந்தன. அட்டையால் என்ன கிடைக்கும் என்பது மட்டும் ஒன்பதாவது வரியில் ஒளிந்திருந்தது: '10 டீக்கு 1 டீ இலவசம்.'

அந்த ஒரு வரியை நம் அலுவலகத்தில் இரண்டு பேரிடம் காட்டினேன். பக்கம் வடிவமைப்பவர், "அப்ப ஒன்பது டீக்குக் காசு, பத்தாவது சும்மா" என்றார். பிழை திருத்துபவரோ, "இல்லையே, பத்துக்கும் காசு குடுத்தாத்தான் பதினோராவது சும்மா" என்றார். எழுத்தே தொழிலான இரண்டு பேர் ஒரே வரியை இரண்டு விதமாகப் படித்தார்கள். காலை பத்து மணி நெரிசலில், கல்லாவுக்கு முன்னால், கையில் சில்லறையோடு நிற்பவர் எப்படிப் படிப்பார்? அங்கே எழும் வாக்குவாதம் ஒரு டீயின் விலையோடு முடியாது. அவர் நாளை எதிர்க்கடைக்குப் போய்விடுவார்.

எழுதுவதற்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடலாம் என்று அண்ணாச்சியோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் கடையில் டீ 12 ரூபாய். பால், தூள், சர்க்கரை, கேஸ் எல்லாம் சேர்த்து ஒரு டீக்கு 7 ரூபாய் அடக்கம் ஆகிறது என்றார். டீக்கு ஒரு ரூபாய் குறைத்தால் பத்து டீயில் 10 ரூபாய் போகும். அதற்குப் பதிலாகப் பதினோராவது டீயைச் சும்மா கொடுத்தால் அவருக்குச் செலவு 7 ரூபாய்தான். குடிப்பவருக்கோ 12 ரூபாய் மிச்சம். முதலில் 200 அட்டை அச்சடிக்கிறார். அத்தனையும் நிரம்பினாலும் 1,400 ரூபாய்க்கு மேல் போகாது. இதைச் சொன்ன பிறகுதான் அவர் பயந்து பயந்து எழுதி வைத்திருந்த நிபந்தனைகளை அடிக்க மனம் வந்தது. கடைசித் தேதி என்று ஒன்று வைத்திருந்தார், அதுவும் போயிற்று.

அடுத்து, அட்டையில் எத்தனை கட்டம் என்ற கேள்வி. இங்கே ஓர் ஆய்வு எனக்குக் கைகொடுத்தது. அமெரிக்காவில் ஜோசப் நூனஸ், சேவியர் ட்ரெஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கார் கழுவும் நிலையத்தில் 300 அட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு எட்டுக் கட்டம் உள்ள வெற்று அட்டை. மீதிப் பேருக்குப் பத்துக் கட்டம், ஆனால் இரண்டில் முதலிலேயே முத்திரை குத்திய அட்டை. இரண்டு பக்கமும் எட்டு முறைதான் கழுவ வேண்டும். வெற்று அட்டைக்காரர்களில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள், இரண்டு முத்திரையோடு தொடங்கியவர்களில் 34 சதவீதம் பேர். 2006-இல் வெளியான ஆய்வு இது. ஏற்கெனவே தொடங்கிவிட்ட வேலையை விட்டுவிட மனசு வருவதில்லை.

அதனால் அண்ணாச்சியின் அட்டைக்குப் பன்னிரண்டு கட்டம் என்று முடிவு செய்தோம். அட்டையைக் கையில் கொடுக்கும்போதே இரண்டு முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார். ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டியது பத்து டீ என்பதை அறிவிப்பில் எண்ணோடு சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு முத்திரை கொடுத்துவிட்டு அதை மறைத்து எழுதினால், கணக்குப் போட்டுப் பார்ப்பவருக்கு ஏமாற்றப்பட்டது போலிருக்கும்.

பிறகு எது அறிவிப்பில் இருக்க வேண்டும், எதை வாயால் சொன்னால் போதும் என்று பிரித்தோம். மாஸ்டர் கிளாஸை நீட்டும்போது தினமும் யாராவது கேட்கக்கூடிய கேள்விக்கு மட்டும் ஒரு வரி. காபிக்கு முத்திரை உண்டா? பார்சலுக்கு உண்டா? எப்போது முடியும்? இந்த மூன்றும் எல்லோரும் கேட்பவை. நோட்டில் கணக்கு வைத்து மாதக் கடைசியில் காசு கொடுப்பவர்களுக்கு எப்போது முத்திரை என்பதும் நல்ல கேள்விதான். ஆனால் அப்படிக் குடிப்பவர்கள் மூன்றே பேர். அவர்களிடம் அண்ணாச்சி நேரிலேயே சொல்லிக்கொள்வார்.

கடைசியில் ஒட்டியது இதுதான்:

நம்ம கடை டீ அட்டை
ஒரு டீக்கு ஒரு முத்திரை. காபிக்கும் உண்டு.
பார்சலில் எத்தனை டீயோ, அத்தனை முத்திரை.
12 கட்டத்தில் 2 முத்திரை நாங்கள் தருகிறோம், 10 டீ நீங்கள் வாங்குங்கள்.
கட்டம் நிரம்பினால் அடுத்த டீக்குக் காசு வேண்டாம்.
கடைசித் தேதி கிடையாது.

'இலவசம்' என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். 'காசு வேண்டாம்' என்பது அண்ணாச்சி பழகியவர்களிடம் தினமும் சொல்கிற சொல். சுவரில் இருப்பதும் கடைக்காரர் வாயில் வருவதும் ஒன்றாக இருந்தால் விளக்கம் சொல்ல வேண்டிய வேலை பாதி குறையும்.

அச்சகத்தில் ஒரு தவறு நடந்தது. பார்க்க அழகாக இருக்கும் என்று பளபளக்கும் வழவழப்பு அட்டையில் மாதிரி அடித்துக் கொடுத்தார்கள். அதில் நட்சத்திர ரப்பர் ஸ்டாம்பின் மை ஊறாமல் மேலேயே நின்றது. கட்டைவிரல் பட்டதும் நட்சத்திரம் நீலக் கறையாக இழுபட்டது, சட்டைப்பையிலும் ஒட்டிக்கொண்டது. பூச்சு இல்லாத சாதா அட்டைக்கு மாற்றினோம். நட்சத்திரத்தையும் விட்டுவிட்டோம், ஏனென்றால் அந்த ஸ்டாம்ப் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். அண்ணாச்சி தன் கையெழுத்தின் முதல் எழுத்தை வைத்து ஸ்டாம்ப் செய்துகொண்டார். மைப்பெட்டி பாய்லர் பக்கத்தில் இருந்தால் ஆவியில் நீர்த்துவிடுகிறது என்று மாஸ்டர் இரண்டாம் நாளே கண்டுபிடித்து, அதைக் கல்லாவுக்கு மாற்றிவிட்டார்.

அறிவிப்பு புரிகிறதா என்று பார்க்க ஒரே ஒரு சோதனை வைத்தோம். முதல் நாள் காலையில், பக்கத்து மண்டியில் மூட்டை இறக்கும் பெரியவர் ஒருவருக்கு அந்த ஐந்து வரியையும் ஒரே ஒரு முறை வாசித்துக் காட்டினேன். ஏழு முத்திரை குத்திய மாதிரி அட்டையை அவர் கையில் கொடுத்து, "இன்னும் எத்தனை டீக்குக் காசு குடுக்கணும் ஐயா?" என்று கேட்டேன். அவர் வெற்றுக் கட்டங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். "அஞ்சு. ஆறாவதுக்கு அண்ணாச்சி" என்றார்.

அன்புடன்,
ஆசிரியர்